டார்கெட் தவறிய மாதம்: குழுவுக்கு எப்படி எழுதுவது?

“மேனேஜர் அனுப்பியது: ‘என்னப்பா, இந்த மாசமும் ஊத்திக்கிச்சா? எல்லாரும் தூங்குறீங்களா?’ இதைக் குழுவுக்கு எப்படி மாற்றி எழுதுவது?”

‘தூங்குறீங்களா’வை மென்மையாக்கப் பார்க்காதீர்கள், எடுத்தேவிடுங்கள். ‘எல்லாரும்’ கூட வேண்டாம். இலக்கை எட்டியவர்தான் அதில் முதலில் புண்படுவார். ‘மாசமும்’ என்பதிலுள்ள ‘உம்’ மட்டுமே தகவல். அதை எண்ணாக்குங்கள்:

“இலக்கு 50 ஆர்டர், வந்தது 38. தொடர்ந்து இரண்டாவது மாதம் குறைந்திருக்கிறது. கொட்டேஷன் அனுப்பிய 20 பேரிடம் நாம் மறுபடி பேசவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவரவர் பட்டியலில் உள்ளவர்களை அழைத்து, பதிலை ஷீட்டில் பதியுங்கள். விலையில் இழுபறி என்றால் அன்றே சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.”

அந்த 20 என்பதை ஷீட்டில் எண்ணிப் பார்த்த பிறகே எழுதுங்கள். காரணம் தப்பானால் குழு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். கடைசி வரியில் வரும் ‘நான்’ மேனேஜர்தான், அதனால் அதற்கு அவர் சம்மதம் கட்டாயம். அவர் பேசாமல் விட்டால், அடுத்த குறிப்பை யாரும் மதிக்கமாட்டார்கள்.