பேசி டைப் செய்தால் இமெயில் மட்டும் ஏன் தப்பாகிறது?

கேள்வி: கை நடுக்கத்தால் போனில் பேசித்தான் டைப் செய்கிறேன். கடிதமெல்லாம் நன்றாக வருகிறது. ஆர்டர் படிவத்தில் இமெயிலும் மொபைல் எண்ணும் மட்டும் தப்பாகிவிடுகின்றன. ரசீது வந்து சேரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் உச்சரிப்பில் குறை இல்லை. குரலை எழுத்தாக்கும் மென்பொருள் முன்னும் பின்னும் வரும் சொற்களை வைத்துத்தான் ஒரு சொல்லை ஊகிக்கிறது. கடிதத்தில் அந்தத் துணை உண்டு, இமெயிலில் கிடையாது. ஆங்கிலத்தில் ‘பி’ என்று சொன்னால் be, ‘ஃபோர்’ என்றால் for என்று எழுதிவிடுவது இதனால்தான்.

இமெயிலுக்கு முதலில் மைக்கின் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். தமிழில் இருந்தால் ‘ஜிமெயில்’ என்று தமிழ் எழுத்திலேயே வரலாம், படிவம் அதை ஏற்காது. அப்புறம், நேராகப் படிவத்தில் பேசாமல் குறிப்பு எழுதும் செயலியில் பேசிப் பாருங்கள், சரிசெய்த பிறகு நகலெடுத்துப் படிவத்தில் ஒட்டலாம்.

selvi_07@example.com என்று வைத்துக்கொள்வோம். ‘செல்வி, அண்டர்ஸ்கோர், ஜீரோ, செவன், அட், எக்சாம்பிள், டாட், காம்’ என்று சொன்னால் Selvi _ 7 @ example.com என்று வரக்கூடும். இடைவெளிகளை நீக்க வேண்டும், விடுபட்ட பூஜ்யத்தைச் சேர்க்க வேண்டும். பெரிய S பொதுவாகப் பிரச்சினை இல்லை. செல்வியே வேறு பெயராக வந்தால் எழுத்தெழுத்தாகச் சொல்லலாம். ஆனால் பி, டி, வி போன்றவை ஒன்றுக்கொன்று மாறிவிடும். ‘பி ஃபார் பால்’ என்று விளக்கினால் கேட்பவருக்குப் புரியும், குரல் டைப்பிங்கோ அதையும் வாக்கியமாக எழுதி வைக்கும். தப்பான அந்த ஓர் எழுத்தை மட்டும் கையால் தட்டுவதுதான் வேகமான வழி.

மொபைல் எண்ணைத் தமிழிலேயே சொல்லலாம். ‘எழுபத்தெட்டு’ என்று சேர்த்துச் சொல்லாமல் ‘ஏழு, எட்டு’ என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ‘டபுள் ஐந்து’ வேண்டாம், ஐந்தையே இரண்டு முறை சொல்லுங்கள். நடுவில் நீண்ட நேரம் நிறுத்தினால் மைக் அணைந்துவிடும். எண் சொல்லாக வந்துவிட்டால் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். கடைசியில் இலக்கங்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தாலோ கூடினாலோ உடனே தெரியும். ஒன்று மாறியிருந்தால் எண்ணிக்கையில் தெரியாது, ஆகவே வாய்விட்டு ஒரு முறை படியுங்கள்.

ஆனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை வேறு. மாறாத விவரங்களை ஒவ்வொரு முறையும் பேசவே வேண்டாம். வீட்டில் யாரையாவது பிரவுசரின் அமைப்புகளில் உங்கள் பெயர், முகவரி, எண், இமெயிலை ஒரு முறை சேமித்துத் தரச் சொல்லுங்கள். பிறகு பல படிவங்களில் கட்டத்தைத் தொட்டாலே அவை பரிந்துரையாக வரும், தட்டினால் போதும். சேமித்த அன்றே உங்களுக்கு ஒரு இமெயில் அனுப்பச் சொல்லி, வந்து சேர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதில் பிழை இருந்தால் எல்லாப் படிவத்திலும் அதே பிழைதான் போகும்.