தியேட்டர் கச்சான் விலை: உள்ளேயிருந்து ஒரு கணக்கு

கேள்வி: மட்டக்களப்பில் தியேட்டர் வாசலில் 100 ரூபாவுக்கு விற்கும் அதே கச்சான் உள்ளே 250 ரூபா. இது பகல் கொள்ளை இல்லையா? கொழும்பைப் போல இங்கேயும் மல்டிபிளெக்ஸ் வந்தால் இந்தக் கொள்ளை நிற்குமா?

அதே கச்சான்தான். எனக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் வாசலில் இருந்த ஆச்சியிடமே பொதி 80 ரூபாவுக்கு வாங்கி, உள்ளே 200 ரூபாவுக்கு விற்றவன் நான். மட்டக்களப்பில் ஒரு தியேட்டரின் கன்ரீனை நான்கு வருடம் குத்தகைக்கு எடுத்து நடத்தினேன். எந்தத் தியேட்டர் என்று சொல்லப் போவதில்லை. ஒரு பையில் பிள்ளைக்குத் தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்திருந்ததை வாசலில் பிடுங்கி வைத்த கோபத்தில்தான் நீங்கள் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் "கொள்ளை" என்ற சொல்லை நான்கு வருடமாக முகத்துக்கு நேரே கேட்டவன் என்பதால் பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

டிக்கெட் காசு முழுவதும் தியேட்டர்காரருக்குப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முதலில் உள்ளூராட்சி சபைக்குக் களியாட்ட வரி போகும். மிச்சத்தை விநியோகஸ்தரோடு பங்கிட வேண்டும். எங்கள் தியேட்டரில் பெரிய படம் என்றால் முதல் வாரம் 100க்கு 60 விநியோகஸ்தருக்கு. பிறகு 50, 40 என்று இறங்கும். கூட்டம் நிறைந்து வழியும் நாட்களில் முதலாளியின் பங்கு சிறியது. அவருடைய பங்கு பெரிதாகும்போது கதிரைகள் காலி. 60 பேர் இருந்தாலும் 300 பேர் இருந்தாலும் ஏசிக்கும் ஜெனரேட்டருக்கும் ஒரே செலவுதான். கன்ரீனில் விற்கும் நெக்டோவிலும் ரோல்ஸிலும் விநியோகஸ்தருக்கு ஒரு சதமும் பங்கு இல்லை, களியாட்ட வரியும் இல்லை. அதனால்தான் தியேட்டர்காரர்கள் கன்ரீனைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

இனி என் கதை. நான் முதலாளிக்குக் கொடுத்தது நாள் வாடகை. சாதாரண நாளில் 5,000 ரூபா, பெரிய படம் வந்தால் முதல் மூன்று நாட்களும் நாளுக்கு 15,000. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் காலையில் கட்ட வேண்டும். ஒரு பொதியில் எனக்கு 120 ரூபா மிஞ்சும் என்றால், சாதாரண நாளிலேயே முதல் 42 பொதிகள் வாடகைக்கே சரி. இரண்டு பொடியன்களின் சம்பளம் அதற்குப் பிறகுதான். பொதியை 100 ரூபாவுக்கு விற்றிருந்தால் 250 பொதி விற்ற பிறகுதான் வாடகையே தேறும்.

அதிக ஆட்கள் வரும் நாளில் விலையைக் குறைக்கலாமே என்பீர்கள். அங்கேதான் மணிக்கூடு குறுக்கே நிற்கிறது. இடைவேளை 15 நிமிடம். ஒரு பொடியன் பொருளை எடுத்துக் கொடுத்து, காசு வாங்கி, மிச்சக் காசு எண்ணிக் கொடுக்க 20 விநாடி. இரண்டு பேர் நின்றால் மொத்தம் 90 பேருக்குத்தான் விற்க முடியும். 300 பேர் வந்த காட்சியில் 210 பேர் வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். விலையைக் குறைத்தால் வரிசை நீளுமே தவிர விற்பனை கூடாது. முதல் வருடம் இது எனக்கு விளங்கவே இல்லை; நெக்டோ குளிராக இல்லையோ என்று பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் எல்லா விலையையும் 100, 150, 200 என்று மிச்சம் கொடுக்கத் தேவைப்படாத விலையாக வைத்து, கச்சானை முன்கூட்டியே சுற்றி அடுக்கி, ஒரு பொடியனைத் தட்டோடு பால்கனிக்கு அனுப்பினேன். விற்பனை ஏறக்குறைய இரட்டிப்பானது.

மல்டிபிளெக்ஸின் சூட்சுமமும் இதுதான். அங்கே ஒவ்வொரு மண்டபத்திலும் படம் வேறு வேறு நேரத்தில் தொடங்கும். ஒரே கன்ரீன், அதே ஆட்கள், ஒன்றன்பின் ஒன்றாக நாள் முழுக்க வியாபாரம். படத்துக்குக் கூட்டம் குறைந்தால் சின்ன மண்டபத்துக்கு மாற்றிவிடுவார்கள். எங்களிடம் இருப்பது ஒரே மண்டபம், ஒரே 15 நிமிடம். அதற்காக அங்கே கச்சான் மலிவு என்று எண்ணாதீர்கள். கொழும்பில் மல்டிபிளெக்ஸில் பொப்கோர்ன் வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன். இரண்டாம் வாரத்துச் செவ்வாய்க்கிழமை மாலைக் காட்சிக்கு 400 ரூபா டிக்கெட்டில் 60 பேர் வந்தால் 24,000 ரூபா. டிக்கெட்டை 250 ஆக்கி 96 பேர் வந்தாலும் அதே 24,000 ரூபா. வரியும் விநியோகஸ்தர் பங்கும் மாறாது. ஆனால் கூடுதலாக வந்த 36 பேர் கன்ரீனில் ஆளுக்கு 75 ரூபா இலாபம் வைத்துவிட்டுப் போவார்கள். அது 2,700 ரூபா. இதை முதலாளியிடம் ஒரு கொப்பித் தாளில் எழுதிக் காட்டினேன்.

"அது உனக்குத்தானே தம்பி, எனக்கு என்ன?" என்றார்.

உண்மைதான். வாடகை முறையில் அவருக்கு அந்த 36 பேரும் வேண்டாத ஆட்கள். "அப்படியானால் வாடகையை விடுங்கள் முதலாளி, இலாபத்தில் 100க்கு 40 உங்களுக்கு" என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். நான் கச்சானை 150 ஆக்கினேன். வெறும் நாளில் வாடகைக்கு அஞ்சத் தேவையில்லை அல்லவா.

டிக்கெட்டைக் குறைக்க விநியோகஸ்தரின் ஆள்தான் மறுத்தார். ஆட்கள் கூடினாலும் அவருக்குக் காசு கூடாது. 36 பேர் வராமல் போனால் நட்டம் அவருக்கும்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் மறுத்திருப்பேன். கடைசியில் மூன்றாம் வாரத்து மதியக் காட்சிக்கு மட்டும் சம்மதம் கிடைத்தது. 25 பேர் வந்த காட்சிக்கு 60, 70 பேர் வரத் தொடங்கினார்கள், பெரும்பாலும் வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைப் பக்கத்தவர்கள். ஒரு தியேட்டரின் ஒரு காட்சியை வைத்து எல்லாவற்றையும் சொல்லலாமா என்று யாராவது கேட்பார்கள். சொல்லவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

மாலைக் காட்சிக்கும் இரவுக் காட்சிக்கும் அவர்கள் ஏன் வரவில்லை தெரியுமா? பஸ் இல்லை. மண்முனைப் பாலம் கட்டி இத்தனை வருடமாகிவிட்டது, படகுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது, ஆனால் படம் முடிகிற நேரத்தில் அந்தப் பக்கம் போக ஒரு பஸ் கிடையாது. நானே மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் "பொறுப்பானவர் கூட்டத்தில் இருக்கிறார்" என்றார்கள். முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் காசில் நான்கு பேர் படம் பார்க்கலாம். இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று தெரியும், ஆனாலும் வயிறு எரிகிறது.

வெளியிலிருந்து கொண்டுவரும் தண்ணீரைப் பிடுங்குவதை நான் ஆதரிக்கவில்லை. பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தலை விடச் சொல்லி வாசல் காவலருடன் சண்டை பிடித்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் கன்ரீனை விட்டுவிட்டேன். இப்போது வேறொருவர் நடத்துகிறார். கச்சான் 250 என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், நாள் வாடகை திரும்பி வந்துவிட்டது போலிருக்கிறது.