‘இருபது லட்சம் நேயர்கள்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

அறிவிப்பாளர் பணிக்காகத் தங்கள் மகள் தயாரித்த தன்விவரக் குறிப்பைப் படித்தேன். குரல் மாதிரிக்கான இணைப்பைச் சொடுக்கியபோது அனுமதி கேட்டு நின்றுவிட்டது. நிகழ்ச்சிப் பொறுப்பாளர் யாரும் அனுமதி கோரிக் காத்திருக்க மாட்டார். கூகுள் டிரைவில் பகிர்வை ‘Anyone with the link’ என்று மாற்றிவிட்டு, அவருடைய கணக்கு இல்லாத வேறொரு கைப்பேசியில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு அவர் அனுப்பிய பதிவைக் கேட்டேன். நான்கு நிமிடம் ஓடுகிறது; முகப்பிசை முடிந்து அவர் குரல் ஒலிக்கவே 22 நொடி ஆகிறது. கேட்பவர் தேடுவது அந்தக் குரலைத்தான் என்பதால், அது முதல் நொடியிலேயே வர வேண்டும். வானொலித் தொகுப்பையும் விளம்பரக் குரலையும் ஒரே கோப்பில் கலக்காமல், தலா ஒன்றரை நிமிடத்துக்கு மிகாத இரண்டு கோப்புகளாகப் பிரிக்கலாம். வானொலிக் கோப்பில் பாடல்களை வெட்டிவிட்டு, பாடலுக்குள் நுழையும் பேச்சும் நேயருடன் நடந்த உரையாடலும் மட்டும் இருந்தால் போதும். எதிரொலிக்கும் அறையில் பதிவுசெய்த பகுதியைச் சேர்க்க வேண்டாம்; பின்னணி இசையைக் கூட்டி அந்தக் குறையை மறைக்கவும் முடியாது.

அடுத்தது நேயர் எண்ணிக்கை. கல்லூரிச் சமுதாய வானொலியில் நடத்திய நிகழ்ச்சிக்கு இருபது லட்சம் நேயர்கள் என்று எழுதியிருக்கிறார். கேட்டபோது, மாவட்ட மக்கள்தொகையை எடுத்துப் போட்டதாகச் சொன்னார். சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் அலைபரப்புத் திறன் 100 வாட். அது ஏறத்தாழ 10 முதல் 15 கிலோமீட்டர் வரைதான் எட்டும். அந்த எல்லைக்குள் குடியிருப்போர் எல்லாரும் நேயர்களும் அல்லர். இத்துறையில் இருப்பவர்கள் இந்த வரியைப் பார்த்ததும் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்கள். நிலையத்தின் அழைப்புப் பதிவேட்டைப் பார்த்து வரச் சொன்னேன், பார்த்து வந்தபின் அவரே இப்படித் திருத்தினார்: ‘வாரந்தோறும் 30 நிமிட நேரலை, 46 நிகழ்ச்சிகள், ஒரு நிகழ்ச்சிக்குச் சராசரியாக 11 நேயர் அழைப்புகள், எழுத்து, தொகுப்பு, ஒலிக்கலவைப் பலகை இயக்கம் மூன்றும் நானே.’ சிறிய எண்தான். ஆனால் எவரும் சரிபார்க்கலாம். ஒலிப்பதிவுக்கூட அனுபவமும் இதே வரியில் தெளிவாகிவிடுவதால், அதற்கெனத் தனிப் பத்தி தேவையில்லை.

மொழிகளில் தமிழ், ஆங்கிலம், கன்னடம் என்று எழுதியிருக்கிறார். கன்னடம் பேசினால் புரியும், வாசிக்கத் தெரியாது என்கிறார். குரல் கலைஞரின் குறிப்பில் ஒரு மொழியைச் சேர்த்தால், தாளைக் கொடுத்தவுடன் தடுமாறாமல் வாசிப்பார் என்றே பொருள்கொள்வார்கள். ஆகவே கன்னடம் வேண்டாம். தமிழுக்கு எதிரே ‘செய்தி வாசிப்புத் தமிழ், மதுரை வட்டார வழக்கு’ என்று பிரித்து எழுதி, வட்டார வழக்குக்கு இருபது நொடி மாதிரி ஒன்றையும் இணைக்கட்டும். அவர் அனுப்பிய பதிவில் எனக்கு மிகவும் பிடித்தது, மூன்றாவது நிமிடத்தில் ஒரு பாட்டியிடம் அவர் மதுரைத் தமிழில் பேசும் அந்தப் பகுதிதான்.