கண் தானம் கொடுத்தால் முகம் கெடுமா?

“அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை, கண்புரை ஆபரேஷன் ஆனவர். கண் தானம் கொடுக்க ஆசைப்படுகிறார். டர்பன் சாட்ஸ்வொர்த் வீட்டில் சவப்பெட்டியைத் திறந்துதானே முகம் பார்ப்போம்? கண் குழிந்து தெரியும் என்று அத்தை தடுக்கிறார்.”

அப்படித் தெரியாது. பெரும்பாலும் எடுப்பது கருவிழியின் முன்னால் உள்ள, அரை மில்லிமீட்டர் கனமுள்ள தெளிவான படலத்தை மட்டும்தான். முழுக் கண்ணை எடுத்தாலும் இமைக்குள் கண் வடிவ பிளாஸ்டிக் வில்லையை வைத்து இமையை மூடிவிடுவார்கள். என் மாமாவுக்கு எடுத்தபோது ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முகம் பார்த்த யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சர்க்கரையும் கண்புரை ஆபரேஷனும் பொதுவாகத் தடையில்லை. எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமி, ரத்தப் புற்றுநோய் இருந்தால் எடுக்க மாட்டார்கள். கிருமிகள் இருக்கின்றனவா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வார்கள்.

உண்மையான சிக்கல் வேறு. தென்னாப்பிரிக்காவில் அப்பா பதிவு செய்திருந்தாலும், கடைசியில் குடும்பத்திடம் சம்மதம் கேட்பார்கள். அத்தை அன்றைக்கு அழுது மறுத்தால் முடிந்தது. அதனால் அப்பாவே அவரிடம் இப்போதே சொல்லட்டும். கண் வங்கி எண்ணையும் எல்லார் போனிலும் ஏற்றிவையுங்கள்.

இறந்ததும் உடனே கூப்பிடுங்கள். சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதுவரை இமையை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலைக்குத் தலையணை வையுங்கள். காற்றில் படலம் காய்ந்தால் பயன்படாது.