டிராக்டர் உதிரி பாகங்கள்: டீலரா, சொந்த ஆளா?

கேள்வி: டிராக்டருக்கான கிளட்ச் பிளேட், ஃபில்டர், ஆயில் சீல் தயாரிக்கிறோம். கிராமப்புறங்களிலும் விற்க நினைக்கிறோம். டீலர் போட்டால் கமிஷன் அதிகம் போகிறது. நாங்களே ஆள் வைத்து நேரடியாக விற்றால் லாபமா?

பதில்: உங்கள் பொருள் எப்படி வாங்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். உழவின் நடுவில் கிளட்ச் நழுவுகிறது, வண்டி நின்றுவிடுகிறது. விவசாயி மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார். மெக்கானிக் கழற்றிப் பார்த்து என்ன வேண்டும் என்று சொல்கிறார். பெரும்பாலும் எந்தக் கம்பெனி பொருள் என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார். யாராவது பக்கத்து ஊர்க் கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே உங்கள் பிளேட் இல்லாவிட்டால், இருக்கிற வேறு பிளேட் வண்டியில் ஏறிவிடும். நாளைக்கு வரும் என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

ஆக, இந்த வியாபாரத்தில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. மெக்கானிக்கின் வாயில் உங்கள் பெயரை வரவைப்பது ஒன்று. கேட்ட நேரத்தில் கடையில் பொருள் இருக்கச் செய்வது மற்றொன்று. முதல் வேலையை உங்கள் ஆள் நன்றாகச் செய்வார். இரண்டாவதை, பையில் சாம்பிள் எடுத்துக்கொண்டு சுற்றும் ஆளால் செய்ய முடியாது. டீலர் கேட்கும் கமிஷனில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வேலைக்குத்தான்: சரக்கை வாங்கி வைப்பது, கடைகளுக்குக் கடன் கொடுப்பது, அறுவடை முடிந்து பணம் வரும்வரை பொறுத்திருப்பது. டீலரை எடுத்துவிட்டாலும் இந்தச் செலவுகள் அப்படியே உங்கள் தலைக்கு வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். டீலர் கமிஷன் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நேரடியாகப் போனால் கிடங்கு, வண்டிச் செலவு, வராக்கடன் எல்லாம் சேர்ந்து 5 சதவீதம். மிச்சம் 10 சதவீதம். அப்படியானால் உங்கள் ஆளுக்கு மாதம் ஆகும் மொத்தச் செலவைப்போல (சம்பளம், பெட்ரோல், படி எல்லாம் சேர்த்து) 10 மடங்கு விற்பனை அவர் மூலம் நடந்தால்தான் கைக்கும் வாய்க்கும் சரியாகும். அவர் நாளைக்கு 8 கடை வீதம் 25 நாள் போனால் 200 சந்திப்பு. ஒரு கடைக்கு மாதம் இரண்டு முறை போக வேண்டும், எனவே 100 கடைகள். ஒவ்வொரு கடையும் மாதாமாதம் அவருடைய மாதச் செலவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்காவது வாங்க வேண்டும். கடைகள் நெருக்கமாக உள்ள பகுதியில் இது நடக்கலாம். ஊருக்கும் ஊருக்கும் தூரம் அதிகமென்றால் 8 கடை 4 ஆகிவிடும், கணக்கு அங்கேயே உடையும். உழவு இல்லாத மாதங்களில் விற்பனை பாதியானாலும் சம்பளம் பாதியாகாது. டீலர் கமிஷனோ விற்பனையோடு சேர்ந்து தானாக இறங்கும்.

நேரடி விற்பனை பொருந்தும் இடமும் உண்டு. பல டிராக்டர்களை வைத்து வாடகைக்கு ஓட்டுபவர்கள், பெரிய பட்டறைகள் ஆகியோர் முன்கூட்டியே திட்டமிட்டு மொத்தமாக வாங்குவார்கள். அவர்களை நேரடியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை டீலரிடம் முதல் நாளே சொல்லி, எழுத்திலும் போட்டுவிடுங்கள்.

மற்ற இடங்களுக்கு நான் சொல்வது: சரக்குக்கு டீலர், மெக்கானிக்குகளையும் சில்லறைக் கடைகளையும் பார்க்க உங்கள் ஆள் ஒருவர். அவர் எடுக்கும் ஆர்டர் டீலர் பெயரில் பில் ஆகட்டும். பண வசூலை அவரிடம் விடாதீர்கள். ஆரம்ப காலத்தில் நான் அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். ஆள் வேலையை விட்டுப் போன பிறகுதான், எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி என்பது அவருடைய நோட்டில் மட்டுமே இருந்தது என்று தெரிந்தது.

இந்த ஏற்பாட்டில் ஏமாற்றும் இடம் ஒன்று இருக்கிறது. நீங்கள் டீலருக்கு அனுப்பியதையே விற்பனை என்று எண்ணிவிடுவீர்கள். 3 மாதத்தில் 300 கிளட்ச் பிளேட் போயிருக்கிறது, சந்தோஷம்தான். டீலரிடமிருந்து கடைகளுக்கு எவ்வளவு போனது என்று கேளுங்கள். 140 என்றால், மீதி 160 கிடங்கில் தூங்குகிறது. இதே வேகத்தில் போனால் அது இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் ஓடும். இப்போது தள்ளுபடி காட்டி மேலும் ஏற்றிவிட்டால், சீசன் முடிந்ததும் திரும்பி வரும் பெட்டிகளை நீங்கள்தான் இறக்க வேண்டும். எனவே மாதம் ஒருமுறை உங்கள் ஆள் டீலர் கிடங்கில் நின்று, பொருள்வாரியாக இருப்பை எண்ணட்டும்.

முழுப் பகுதிக்கும் ஒரே டீலர் என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஒரு பகுதியை மட்டும், ஓர் உழவுக் காலமும் ஓர் ஓய்வுக் காலமும் முழுதாக அடங்கும்படி கொடுங்கள். ஃபில்டர், ஆயில் சீல் போன்ற அடிக்கடி மாற்றும் பொருள்கள் கடைக்காரர் கேட்டபோதெல்லாம் டீலரிடம் இருந்தனவா என்று பாருங்கள். பத்து முறை கேட்டதில் மூன்று முறை இல்லை என்று சொல்லியிருந்தால், கமிஷனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த டீலரை மாற்றுவதைப் பற்றிப் பேசுங்கள்.