பெரிய வெள்ளிக்கும் முஹர்ரமுக்கும் ‘ஹேப்பி’ போடலாமா?

கேள்வி: சார், நான் கோயம்புத்தூர்ல ஒரு ஐடி கம்பெனில டீம் லீட். போன ஏப்ரல்ல டீம் வாட்ஸ்அப் குரூப்ல ‘ஹேப்பி குட் ஃப்ரைடே’னு படத்தோட போட்டேன், யாரும் ரிப்ளை பண்ணல, அப்புறம் ஒருத்தர் சொல்லித்தான் அது தப்புனு தெரிஞ்சுது. இப்ப முஹர்ரம் வருது. டீம்ல ரெண்டு முஸ்லிம் பசங்க, பக்கத்து ஃப்ளாட்லயும் ஒரு முஸ்லிம் குடும்பம். என்ன போடணும், எப்ப போடணும்? ஒண்ணும் போடலன்னா மரியாதைக் குறைவா?

பதில்: முஹர்ரமுக்கு குரூப்ல ஒண்ணும் போட வேணாம், அது மரியாதைக் குறைவும் இல்ல. லீவு பட்டியல்ல தீபாவளி, கிறிஸ்துமஸோட சேந்து சிவப்புல இருக்கறதால எல்லாமே கொண்டாட்டம்னு நம்ம கண்ணுக்குப் படுது, நீங்க சொன்ன ரெண்டு நாளுமே அப்படி இல்ல.

முஹர்ரம்ங்கறது ஹிஜ்ரிங்கற இஸ்லாமிய வருஷத்தோட முதல் மாசம். நமக்கு லீவு விடறது அந்த மாசத்து பத்தாம் நாள், ஆஷுரானு சொல்லுவாங்க. கி.பி. 680ல அந்த நாள்லதான் நபிகளோட பேரன் ஹுசைன், தண்ணிகூடக் கிடைக்காம, கூட இருந்தவங்களோட கர்பலாவுல கொல்லப்பட்டாரு. முஸ்லிம்கள்ல ஷியா பிரிவுக் குடும்பங்கள்ல முஹர்ரம் பிறை தெரிஞ்ச அன்னைக்கே துக்கம் ஆரம்பிச்சிரும், கறுப்பு உடுத்துவாங்க, மஜ்லிஸ்ங்கற துக்கக் கூட்டத்துக்குப் போவாங்க, கல்யாணம் காட்சி எதுவும் வைக்க மாட்டாங்க, அது பத்து நாளோட முடியறதும் இல்ல, ரெண்டு மாசத்துக்கு மேல போகும். அவங்களுக்கு ‘ஹேப்பி முஹர்ரம்’னு மெசேஜ் போனா துக்க வீட்டு வாசல்ல நின்னு வாழ்த்து சொல்ற மாதிரிதான்.

ஆனா தமிழ்நாட்டு முஸ்லிம்கள்ல பெரும்பாலானவங்க சுன்னி பிரிவு. அவங்களுக்கு ஆஷுரா முக்கியமா நோன்பு நாள், மூஸா நபியையும் அவரோட மக்களையும் எகிப்து மன்னன் ஃபிர்அவ்ன்கிட்ட இருந்து இறைவன் காப்பாத்தின நாள்னு, ஒன்பதும் பத்துமோ பத்தும் பதினொண்ணுமோ சேத்து நோன்பு வைப்பாங்க. அவங்களும் அன்னைக்கு பிரியாணி போட்டு வாழ்த்து சொல்லிக்கறதில்ல. சிலர் முஹர்ரம் ஒண்ணாந்தேதிக்கு ‘ஹிஜ்ரி புத்தாண்டு வாழ்த்துக்கள்’னு ஸ்டேட்டஸ் வைப்பாங்க, அத பாத்துட்டு நீங்களும் குரூப்ல ஃபார்வர்ட் பண்ணிராதீங்க, ஏன்னா ஷியா வீட்ல துக்கம் ஆரம்பிக்கற நேரமும் அதேதான். அதுக்காக ‘நீங்க ஷியாவா சுன்னியா’னு போய்க் கேக்கவும் வேணாம், அத எப்படிக் கேட்டாலும் விசாரணை மாதிரிதான் இருக்கும்.

ரெண்டு பேருக்கும் பொருந்தற மாதிரி ஒரு வரி இருக்கு. ஆஷுராவுக்கு முதல் நாள் சாயங்காலம் அந்த ரெண்டு பசங்களுக்கும் தனித்தனியா அனுப்புங்க: ‘நாளைக்கு ஆஷுரா இல்லியா, நோன்போ வேற எதுவோ இருந்தா பாத்துக்கோங்க, வேலை எதுவும் உங்ககிட்ட வராம நான் பாத்துக்கறேன்.’ சொன்னபடி அன்னைக்கு கால் எதுவும் வராம பாத்துக்கணும், அதுதான் முக்கியம். பக்கத்து வீட்டுக்கு மெசேஜே வேணாம், படிக்கட்டுல பாத்தா எப்பவும் போல ‘நல்லா இருக்கீங்களா’னு கேட்டாலே போதும். அன்னைக்கு ஸ்வீட் பாக்ஸோட மட்டும் கதவத் தட்டாதீங்க.

பெரிய வெள்ளி விஷயத்துக்கு வருவோம். இயேசு சிலுவைல உயிர்விட்ட நாள் அது. கத்தோலிக்கக் கோயில்கள்ல அன்னைக்கு வழக்கமான பூசையே கிடையாது, ஆலய மணியும் அடிக்காது, சிலுவைப் பாதை போவாங்க, ஒருசந்தி இருப்பாங்க, கறி தொட மாட்டாங்க. சிஎஸ்ஐ மாதிரி சபைகள்ல பன்னெண்டு மணில இருந்து மூணு மணி வரைக்கும் மும்மணி ஆராதனை, சிலுவைல அவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொண்ணா தியானிப்பாங்க. அந்த நேரத்துல ஃபோன்ல பூங்கொத்து படத்தோட ‘ஹேப்பி’னு வந்து நிக்கும்போது பதில் என்ன போடறதுனு அவங்களுக்கே தெரியாது, உங்க குரூப் அமைதியானதும் அதனாலதான், கோவம்னு நினைக்காதீங்க.

அடுத்த வருஷம் இப்படிப் பண்ணுங்க. பெரிய வியாழன் அன்னைக்கு ‘நாளைக்கு ஆராதனைக்குப் போவீங்க, ஆபீஸ்ல இருந்து யாரும் கூப்பிட மாட்டாங்க’னு தனியா ஒரு வார்த்தை. வெள்ளி, சனி ரெண்டு நாளும் சும்மா இருங்க. ஞாயித்துக்கிழமை காலைல ‘ஈஸ்டர் வாழ்த்துக்கள்’னு குரூப்லயே தாராளமா போடலாம், படம் போடலாம், பூ போடலாம், அது உயிர்த்தெழுந்த நாள், முழுக்க சந்தோஷம். சனிக்கிழமை ராத்திரி கோயிலுக்குப் போனவங்களும் விடிகாலைல எழுந்து போனவங்களும் வீட்டுக்கு வந்து படுத்திருப்பாங்க, அதனால ஃபோன் பண்ணி வாழ்த்தறதுன்னா பத்து மணிக்கு மேல பண்ணுங்க. பெரிய வெள்ளிக்கு நிலையான தேதி கிடையாது, மார்ச் 20ல இருந்து ஏப்ரல் 23க்குள்ள எப்ப வேணா வரும், அதனால போன வருஷத்து ரிமைண்டர நம்பாதீங்க.

‘எப்ப’ங்கற கேள்விதான் முஸ்லிம் பண்டிகைகள்ல நிறைய பேரு சறுக்கற இடம். காலண்டர்ல இருக்கறது உத்தேச தேதி, பிறை பாத்துதான் மாசம் ஆரம்பிக்கும், தமிழ்நாட்டுக்கு தலைமை காஜி அறிவிப்பார். நோன்புப் பெருநாள், அதாவது நாம ரம்ஜான்னு சொல்றது, நோன்பு மாசம் முடிஞ்சு அடுத்த மாசத்து ஒண்ணாந்தேதி வருது, அதனால முதல் நாள் ராத்திரி வரைக்கும் அவங்க வீட்லயே நாளைக்கா நாளன்னைக்கானு உறுதியா தெரியாது. துபாய்ல ஈத்னு நியூஸ் பாத்துட்டு இங்க ‘ஈத் முபாரக்’ போட்டா, இவங்க இங்க கடைசி நோன்புல இருப்பாங்க. பக்ரீத்தும் ஆஷுராவும் அப்படி இல்ல, ரெண்டுமே மாசத்தோட பத்தாம் நாள், பிறை பாத்து ஒம்பது நாள் கழிச்சுதான் வரும், அதனால ஒரு வாரம் முன்னாடியே தேதி உறுதியா தெரிஞ்சிரும். இப்ப ஆஷுராவுக்கும் காலண்டர்ல இருக்கற அரசு லீவு தேதி பிறை பாத்த பிறகு ஒரு நாள் மாறினா குழம்பாதீங்க, காரணம் இதுதான். ரம்ஜான் மாசம் தொடங்கும்போது ‘ரமலான் முபாரக்’, பெருநாள் அன்னைக்கு ‘ஈத் முபாரக்’ இல்ல ‘பெருநாள் வாழ்த்துக்கள்’, அந்த ரெண்டையும் மாத்திராம இருந்தாப் போதும்.

மீலாது நபிக்கும் அரசு லீவு இருக்கு, ஆனா தவ்ஹீத் கொள்கைல இருக்கறவங்க அத கொண்டாடறதில்ல. கிறிஸ்தவங்கள்லயும் யெகோவாவின் சாட்சிகள் கிறிஸ்துமஸ் கொண்டாட மாட்டாங்க, பிறந்தநாள்கூட கிடையாது. குரூப்ல பொதுவா ஒரு தடவ வாழ்த்து போடறதுல தப்பில்ல, ஒருத்தர டேக் பண்ணி ‘உங்களுக்குத்தான்’னு போடணும்னா அவரு போன வருஷம் ஸ்டேட்டஸ் வச்சாரா, ஆபீஸுக்கு கேக் கொண்டு வந்தாரானு யோசிச்சுப் பாத்துட்டு போடுங்க.

பழைய ‘ஹேப்பி குட் ஃப்ரைடே’ மெசேஜ இப்ப போய் டெலீட் பண்ணி, குரூப்ல நீளமா மன்னிப்புக் கடிதம் எழுத வேணாம். டீம்ல இருக்கற கிறிஸ்தவ நண்பர்கிட்ட டீ குடிக்கும்போது ‘அன்னைக்கு தெரியாம போட்டுட்டேன், சாரி’னு நேர்ல சொல்லிருங்க, ஒரு நிமிஷ வேலை.