உறைதுயிலா, வார்ப் டிரைவா?

கேள்வி: உறைதுயில், வார்ப் டிரைவ், டெராஃபார்மிங், கூட்டு மனம் என்று அறிவியல் புனைகதைக்கு வேண்டிய எல்லாவற்றையும் என் கதையில் வைத்திருந்தேன். ஆனாலும் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அப்படி என்ன குறை ஐயா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: எல்லாவற்றையும் வைத்ததுதான் குறை.

உங்கள் நாயகன் குடியாத்தத்தில் அம்மாவிடம் விடைபெற்று, உறைதுயிலில் படுத்து, பிராக்ஸிமா சென்டாரி விண்மீனுக்குப் புறப்படுகிறான். அது 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. வாயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில் போனால் சுமார் 75,000 ஆண்டுகள் ஆகும். இவ்வளவு காலத்தை மனித ஆயுள் தாங்காது என்பதால்தான் உடலைக் குளிர்வித்து, உயிரியக்கத்தை நிறுத்திவைக்கும் உறைதுயிலைக் கதைக்காரர்கள் கொண்டுவந்தார்கள். வார்ப் டிரைவ் அதே சிக்கலுக்கு வேறொரு விடை. கப்பலுக்கு முன்னால் வெளியைச் சுருக்கி, பின்னால் விரித்தால் ஒளியை முந்திக்கொண்டு போய்ச்சேரலாம் என்று மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியெரே 1994-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்கு வேண்டிய எதிர்மறை ஆற்றலைத் திரட்ட வழி தெரியவில்லை என்றாலும் கதையில் அதை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது வேறு. வார்ப் டிரைவ் உள்ள கப்பலில் அவன் எதற்காக உறங்குகிறான்? வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஊர் திரும்பிவிடலாமே! அம்மா வாசலில் நின்று அழவும் காரணம் இல்லை.

வார்ப் டிரைவை எடுத்துவிட்டுப் பாருங்கள். கப்பல் ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு போகட்டும். பயணம் சுமார் 42 ஆண்டுகள். புறப்படும்போது அவனுக்கு 25 வயது, அம்மாவுக்கு 50. விழிக்கும்போதும் அவனுக்கு 25 வயது உடல்தான். அம்மா ஆண்டுதோறும் வானொலி அலையில் ஒரு செய்தி அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை ஒளிவேகத்தில் வருவதால் கப்பலை எட்டிப்பிடித்துவிடும். ஆனால் 4.24 ஒளியாண்டைக் கடக்க அதற்கும் 4 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே அவன் கண் திறக்கும்போது முதல் 38 ஆண்டுகளின் செய்திகள் காத்திருக்கும். கடைசி 4 ஆண்டுகளின் செய்திகள் இன்னும் வழியில் இருக்கும். கடைசியாக அவன் கேட்பது 88 வயது அம்மாவின் குரலை. அவள் இப்போது இருக்கிறாளா என்பது அந்த நிமிடத்தில் அவனுக்குத் தெரியவே தெரியாது. உங்கள் கையில் இருந்தது இந்தக் கதை. அதைத்தான் வார்ப் டிரைவ் போட்டுக் கெடுத்திருக்கிறீர்கள்.

விழிக்கும் காட்சியையும் திருத்துங்கள். 'தூங்கி எழுந்ததுபோல் சோம்பல் முறித்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். உறையும்போது உடலின் நீர் பனிப்படிகமாகிச் செல்களைக் கிழிக்கும். அதனால்தான் கருத்தரிப்பு மையங்களில் கருவைக் காப்புக் கரைசலில் ஊறவைத்து, படிகம் உருவாக நேரமே கொடுக்காமல் சட்டென்று குளிர்வித்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் கண்ணாடிபோல் இறுகச் செய்கிறார்கள். கண்ணுக்கு எட்டாத அளவு சிறியது என்பதால் கரு முழுவதும் ஒரே சீராகக் குளிர்கிறது, சூடாகிறது. பெரிய உறுப்பில் அது நடப்பதில்லை. மீண்டும் சூடாக்குவதுதான் இன்னும் கடினம். மேற்புறம் இளகும்போது உட்புறம் இறுகியே இருந்தால் உறுப்பு விரிசல் விடும். மெதுவாகச் சூடேற்றினால் வழியிலேயே படிகங்கள் முளைக்கும். 2023-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் எலியின் சிறுநீரகத்துக்குள் இரும்பு ஆக்சைடு நுண்துகள்களைச் செலுத்தி உறையவைத்து, பின்பு காந்தப்புலத்தால் உள்ளும் புறமும் ஒன்றாகச் சூடாக்கி, வேறோர் எலிக்குப் பொருத்தி வேலைசெய்ய வைத்தார்கள். ஓர் எலியின் சிறுநீரகத்துக்கே இத்தனை பாடு. முழு மனிதனை எழுப்பும்போது அவன் விரல்களில் ஒன்றாவது அசைய மறுக்கட்டும், ஒரு நினைவாவது திரும்பாமல் போகட்டும். வாசகர் நம்புவார்.

மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். டெராஃபார்மிங் என்றால் ஒரு கோளையே மனிதர் வாழ ஏற்றதாக மாற்றுவது. பக்கத்துச் செவ்வாயிலேயே எட்டக்கூடிய கரியமில வாயுவை எல்லாம் வெளியேற்றினாலும் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது என்று 2018-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நீங்கள் ஒரே பத்தியில் நெல் விளைவித்துவிட்டீர்கள். கூட்டு மனம் கொண்டவர்களில் ஒருத்தி மட்டும் நாயகனிடம் ரகசியமாக இரக்கம் காட்டுகிறாள். எல்லாருக்கும் ஒரே மனம் என்றால் ஒருத்திக்கு மட்டும் ரகசியம் எப்படி வந்தது? அவள் கூட்டத்திலிருந்து பிரிந்தது எப்படி என்பதே தனிக் கதை. அதை வேறு நாளில் எழுதுங்கள்.

இப்போதைக்கு உறைதுயிலையும் அம்மாவின் செய்திகளையும் மட்டும் வைத்துக்கொண்டு திருத்தி அனுப்புங்கள். 38 செய்திகளில் மூன்றையாவது முழுதாக எழுதுங்கள்: முதலாவது, நடுவில் ஒன்று, கடைசி.